வாடிக்கையாளர் செறிவு அறிக்கை

வாடிக்கையாளர் செறிவு அறிக்கை என்பது ஒரு நிறுவனத்தின் விற்பனை வருவாயில் முதல் சில வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு என்பதை மாதந்தோறும் கணக்குத் தரவிலிருந்து தானாகவே எடுத்துக் காட்டும் அறிக்கை. ஒருவரையோ இருவரையோ பெரிதும் நம்பி நடக்கும் தொழிலில், அவர்களுடைய ஆர்டர் நின்றால் எவ்வளவு வருவாய் போகும் என்பதை இது முன்கூட்டியே தெரிவிக்கிறது. முதல் வாடிக்கையாளரின் பங்கு, முதல் ஐவரின் கூட்டுப் பங்கு, மொத்தச் செறிவைச் சொல்லும் ஒரு குறியீடு ஆகிய மூன்றும் பெரும்பாலான அறிக்கைகளில் இருக்கும்.

இதில் உள்ள கணக்கு வெறும் வகுத்தல்தான். யாரை ‘ஒரு வாடிக்கையாளர்’ என்று எண்ணுவது என்பதே சிக்கல். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 8-உம் அதை ஒட்டிய இந்தியத் தரநிலை 108-உம் இதற்கு ஒரு தொடக்கம் தருகின்றன. தனி வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வரும் வருவாய் மொத்தத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தத் தொகையை வெளியிட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இருப்பதாகத் தெரிந்த நிறுவனங்கள் எல்லாம் இதற்கு ஒரே வாடிக்கையாளர். இந்தத் தரநிலைகள் பொருந்தாத சிறு நிறுவனங்களும் 10 சதவீத வரம்பையும் இந்த வரையறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவற்றைவிட நல்ல வரையறை எளிதில் கிடைக்காது.

கோயம்புத்தூரில் லாரி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கடந்த 12 மாதங்களில் அதன் விற்பனை 24 கோடி ரூபாய். கணக்குப் புத்தகத்தில் உள்ள லெட்ஜர்களை அப்படியே வரிசைப்படுத்தினால், ஒரு லாரி நிறுவனத்தின் தமிழ்நாட்டு ஆலை 17.5 சதவீதத்துடன் முதலிடத்தில் நிற்கும். அடுத்து பிரேக் தயாரிப்பாளர் ஒருவர் 12.5 சதவீதம், அதன்பின் 8, 7.5, 6 என்று மூவர். முதல் ஐவரின் பங்கு 51.5 சதவீதம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும்.

ஆனால் 7.5 சதவீதம் வாங்கும் நான்காமவர் அதே லாரி நிறுவனத்தின் கர்நாடக ஆலை. இன்னும் கீழே 5 சதவீதத்துடன் அதன் மகாராஷ்டிர ஆலையும், மற்றொரு 5 சதவீதத்துடன் அதன் அச்சு தயாரிக்கும் துணை நிறுவனமும் இருக்கின்றன. மாநிலத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. பதிவு என்பதால் பில் போடும்போது ஒவ்வோர் ஆலையும் தனிப் பார்ட்டியாகவே ஏறியிருக்கும். நான்கையும் சேர்த்தால் லாரி நிறுவனத்தின் பங்கு 35 சதவீதம்; இப்போது ஐந்தாமிடத்துக்கு வரும் 5 சதவீத வாடிக்கையாளர் ஒருவரோடு முதல் ஐவரின் பங்கு 66.5 சதவீதம். ஒரு ரூபாய் விற்பனைகூட மாறாமலே முதல் எண் இரட்டிப்பாகிவிடுகிறது.

செறிவுக் குறியீட்டிலும் இதே பாய்ச்சல் தெரியும். தொழில்துறைப் போட்டியை அளக்கப் பயன்படும் ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடுதான் வழக்கமாக இங்கும் எடுத்தாளப்படுகிறது: ஒவ்வொருவரின் சதவீதத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். மீதி 33.5 சதவீதம் ஏறக்குறைய சமமான 20 சிறு வாடிக்கையாளர்களிடம் இருப்பதாகக் கொண்டால், சேர்க்கும் முன் குறியீடு சுமார் 750, சேர்த்தபின் சுமார் 1,560. இந்த எண்ணை அப்படியே மேலாளரிடம் கொடுத்தால் அவருக்கு எதுவும் விளங்காது. 10,000-ஐ அதனால் வகுத்துக் கொடுத்தால் விளங்கும்: 13 சமமான வாடிக்கையாளர்கள் இருப்பதுபோல் தெரிந்த தொழில், உண்மையில் ஆறு பேரைக் கொண்டு நடக்கும் தொழிலின் நிலையில் இருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சேர்க்கையில் பாதி வேலையை ஜி.எஸ்.டி. எண்ணே செய்து கொடுக்கிறது. அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரையுள்ள பத்து எழுத்துகள் பதிவுதாரரின் பான் எண். ஆகவே அந்தப் பத்து எழுத்துகளை வைத்துத் தொகுத்தால் ஒரே நிறுவனத்தின் எல்லா மாநில ஆலைகளும் ஒன்றுசேரும். நாளை புதிதாக ஓர் ஆலை திறந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். துணை நிறுவனத்துக்குப் பான் எண் வேறு என்பதால் அது இந்த வழியில் வராது. அதற்குக் கையால் பராமரிக்கும் ஒரு குழு அட்டவணை வேண்டும். கீழுள்ள வினவல் இரண்டையும் செய்கிறது.

```sql
WITH s AS (
  SELECT COALESCE(NULLIF(substr(gstin, 3, 10), ''),
                  party_code) AS k,
         taxable_value AS v
  FROM invoices
  WHERE doc_date >= :from_date AND doc_date < :to_date
)
SELECT COALESCE(g.group_id, s.k) AS grp,
       SUM(v) AS rev,
       100.0 * SUM(v) / SUM(SUM(v)) OVER () AS share
FROM s LEFT JOIN group_map g ON g.k = s.k
GROUP BY 1
ORDER BY rev DESC;
```

`NULLIF`-ஐ விட்டுவிட்டால் வேடிக்கையான பிழை ஒன்று நேரும். ஏற்றுமதி வாடிக்கையாளர்களுக்கும் பதிவு செய்யாத சிறு கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. எண் இல்லை, அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். அவர்கள் எல்லோரும் பெயரில்லாத ஒரே வாடிக்கையாளராகத் திரண்டு பட்டியலின் மேலே வந்து நிற்பார்கள். அதைத் தவிர்க்கவே எண் இல்லாதவர்களுக்குப் பார்ட்டிக் குறியீடு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்னொன்று, `taxable_value` என்பது வரி சேராத மதிப்பு. கிரெடிட் நோட்டுகள் அதில் கழித்தல் குறியோடு இருக்க வேண்டும். வரியையும் சேர்த்த பில் தொகையை எடுத்தால், வரி இல்லாமல் போகும் ஏற்றுமதியின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

அடுத்த கேள்வி கால அளவு. ஒரு மாத விற்பனையை மட்டும் பார்த்தால் அறிக்கை அலைபாயும். வாகனத் துறையில் இதற்குப் பெரிய காரணம் துணை இன்வாய்ஸ். எஃகு விலை ஏறினால் பழைய சப்ளைகளுக்கும் சேர்த்து விலை திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டு, வித்தியாசத் தொகை மொத்தமாக ஒரே மாதத்தில் பில் ஆகும். மேற்கண்ட ஆலையின் மாத விற்பனை சுமார் 2 கோடி, அதில் லாரி நிறுவனத்தினுடையது 70 லட்சம். ஒரு மாதம் அந்நிறுவனத்துக்கு 60 லட்சத்துக்குத் துணை இன்வாய்ஸ் போனால் மாதப் பங்கு 260-க்கு 130, அதாவது 50 சதவீதமாகிவிடும். 12 மாதத் தொகையில் அதே பில் பங்கை 35-லிருந்து 36.6-க்குத்தான் நகர்த்தும். எனவே எச்சரிக்கை 12 மாதப் பங்கை வைத்தே எழ வேண்டும். மாதப் பங்கு பக்கத்தில் தகவலுக்காக நின்றால் போதும்.

12 மாத அளவு மெதுவாக நகரும் என்பது அதன் குறை. லாரி நிறுவனம் இந்த மாதம் ஆர்டரைப் பாதியாக்கினாலும் அதன் 12 மாதப் பங்கு மெல்லத்தான் இறங்கும். அந்த இறக்கம் செறிவு குறைந்த நல்ல செய்தியாகக்கூடப் படிக்கப்படலாம். நேர்மாறும் உண்டு. மற்றவர்களின் மாத வாங்கல் 1.3 கோடியிலிருந்து 1 கோடியாகச் சரிந்தால், லாரி நிறுவனம் அதே 70 லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் மாதப் பங்கு 41 சதவீதமாக ஏறும். பங்கு மாறியது மேலே உள்ள எண்ணாலா கீழே உள்ள எண்ணாலா என்பது சதவீதத்தில் தெரியாது. ஒவ்வொரு பங்கின் பக்கத்திலும் ரூபாய்த் தொகையும் சென்ற ஆண்டின் அதே மாதத் தொகையும் இல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கைதான்.

தானியங்கி ஓட்டத்தை மாதத்தின் முதல் நாளில் வைப்பது பொதுவான தவறு. கிரெடிட் நோட்டுகளும் தரக் குறைபாட்டுக்காக வாடிக்கையாளர் எழுப்பும் டெபிட் நோட்டுகளும் பல நாள் தாமதமாகவே கணக்கில் ஏறும். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் விற்பனை விவரப் படிவமான `GSTR-1`-ஐ அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், அதற்குள் பில்கள் பெரும்பாலும் ஒழுங்காகிவிடும். 12-ஆம் தேதி காலை 6 மணிக்கு ஓடும்படி `0 6 12 * *` என்று அமைப்பது அதனால்தான் பொருத்தம்.

ஓடி முடிந்ததும் அறிக்கையின் மொத்த வருவாயை இருப்பாய்வுப் பட்டியலின் விற்பனைத் தொகையோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் மின்னஞ்சல் போகக் கூடாது. கணக்காளருக்கு வித்தியாசத் தொகை மட்டும் போக வேண்டும். குழு அட்டவணையில் ஒரே பான் எண் இருமுறை பதிவானால் அந்த வாடிக்கையாளரின் விற்பனை இரட்டிப்பாகும். இந்த ஒப்பீடு அதை உடனே பிடித்துவிடும். ஒரு துணை நிறுவனத்தைக் குழுவில் சேர்க்க மறந்ததை மட்டும் இது பிடிக்காது, ஏனெனில் அப்போதும் மொத்தம் சரியாகவே இருக்கும். எனவே அட்டவணையில் இல்லாத புதிய பார்ட்டிகளின் பட்டியலை அறிக்கையின் அடியில் அச்சிட்டு, விற்பனைப் பிரிவில் ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் வழி. தானியக்கத்துக்குள் மனிதர் கட்டாயம் நுழைய வேண்டிய இடம் இது. ஒவ்வொரு மாத வெளியீட்டையும் அப்படியே சேமித்து வைப்பதும் அவசியம். பின்தேதியிட்ட பதிவுகள் பழைய எண்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

விற்பனைப் பங்கு காட்டாத இரண்டு இடர்கள் இருக்கின்றன. முதலாவது, நிலுவை. லாரி நிறுவனம் 90 நாளிலும் மற்றவர்கள் 45 நாளிலும் பணம் தந்தால், விற்பனையில் 35 சதவீதம் உள்ள அதன் பங்கு வரவேண்டிய தொகையில் ஏறக்குறைய 52 சதவீதமாக இருக்கும். வங்கி பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆகவே நிலுவைப் பங்கு தனிப் பத்தியாக வர வேண்டும். இரண்டாவது, மறைமுகச் சார்பு. பிரேக் தயாரிப்பாளர் தன் உற்பத்தியில் பாதியை அதே லாரி நிறுவனத்துக்கு விற்கிறார் என்றால் உண்மையான சார்பு 41 சதவீதத்தைத் தாண்டும். எந்த இன்வாய்ஸிலும் இது எழுதியிருக்காது. விசாரித்து அறிந்ததைக் குறிப்பாகச் சேர்க்கலாமே தவிர, வினவலால் எடுக்க முடியாது.

பங்கு தெரிந்திருப்பதால் மட்டும் இடர் குறைவதில்லை. பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் வருவாயில் ஏறக்குறைய பாதி ஆப்பிளிடமிருந்து வந்தது; முதலீட்டாளர்கள் எல்லோருக்கும் அது தெரியும். 2017 ஏப்ரல் 3 அன்று, ஆப்பிள் 15 மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் இமாஜினேஷனின் வரைகலைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாக இமாஜினேஷனே அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே ஆண்டில் நிறுவனம் விற்கப்பட்டது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எவ்வளவு முன்னறிவிப்போடு வாடிக்கையாளர் விலகலாம், அவர் அதே பொருளைத் தானே தயாரிக்கத் தொடங்கியிருக்கிறாரா ஆகிய விவரங்களைக் கணக்குத் தரவு தராது. 10 சதவீதத்தைத் தாண்டும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இவற்றை ஒரு வரியில் எழுதி அறிக்கையோடு இணைப்பது கவனமாக நடத்தப்படும் நிறுவனங்களுக்கு ஏற்ற முறை. அந்த வரியை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் திருத்த வேண்டும்.