கொண்டையில் மரு: கோழி அம்மைக்கு மழைக்கு முன்பே தடுப்பூசி

புதுச்சேரி நகரில் வீட்டுத் தோட்டத்திலும் மாடியிலும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் கோழிகளின் கொண்டையைக் கவனித்துப் பாருங்கள். கொண்டை, தாடி, கண்ணைச் சுற்றிய தோல் ஆகிய இறகில்லாத இடங்களில் சிறு கொப்புளம் தோன்றி, மருவாகப் பெருத்து, கருத்த பொருக்காக மாறினால் அது கோழி அம்மை. சண்டையில் கொத்துப்பட்ட காயம் ஓரிடத்தில்தான் இருக்கும். அம்மை மரு பல இடங்களில் வரும், அடுத்தடுத்த கோழிகளுக்கும் பரவும்.

இந்த வைரஸ் காயமில்லாத தோலுக்குள் நுழையாது. அதற்கு வழி செய்வது கொசு. நோயுற்ற கோழியைக் கடித்த கொசு, பல நாட்களுக்குப் பிறகும் வேறு கோழிகளுக்கு நோயைக் கடத்தும். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ், தேங்கிய நல்ல நீரில் பெருகும் ஏடிஸ் இரண்டுமே இதைச் செய்யும். ஆகவே கூண்டுக்கு மாலையிலேயே கொசுவலை போடுங்கள். கோழிகளின் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கவிழ்த்துக் கழுவுங்கள்.

நோயை அழிக்கும் மருந்து இல்லை. தோலில் மட்டும் வந்தால் மூன்று, நான்கு வாரங்களில் பொருக்கு தானாக உதிரும். அதைப் பிய்க்காதீர்கள், உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், பொறுக்கி எரித்துவிடுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது புண்ணுக்கு இதம் தரும், வைரஸைக் கொல்லாது. கண் மூடிய கோழிக்குத் தீவனமும் நீரும் கையால் ஊட்டுங்கள். பல கோழிகள் நோயால் அல்ல, பட்டினியால் சாகின்றன. வாய்க்குள் மஞ்சள் நிறப் படலம் கண்டால் மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில், மழைக்கு முன் செப்டம்பரிலேயே போடுவது நல்லது. இரட்டை ஊசியை மருந்தில் தோய்த்து இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, தடுப்பூசியில் உள்ள உயிருள்ள வைரஸ் செத்துவிடும். கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருப்பதால், தெருவில் உள்ளவர்கள் ஒரே நாளில் கோழிகளைக் கொண்டுவரப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 7 முதல் 10 நாட்களில் குத்திய இடத்தில் சிறு வீக்கமும் பொருக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசி பிடிக்கவில்லை, மீண்டும் போட வேண்டும்.

உங்களிடம் 12 கோழிகள், அதில் 2-க்கு மட்டும் மரு என்று வையுங்கள். அந்த இரண்டையும் தனிக் கூண்டில் கொசுவலைக்குள் வையுங்கள். மருத்துவரைக் கேட்டு மீதி 10-க்கும் உடனே ஊசி போடுங்கள். எதிர்ப்பாற்றல் வர இரண்டு, மூன்று வாரமாகும் என்பதால் இடையில் ஒன்றிரண்டுக்கு மரு வரலாம். பாதிக்கு மேல் நோய் வந்தபின் ஊசி போட்டும் பெரிய பயனில்லை.

இது மனிதருக்கு வரும் அம்மை அல்ல. கோழியைத் தொடுவதால் குழந்தைகளுக்குப் பரவாது.