நத்தை நடந்த வழி

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைத் தூவத் தொடங்கியதும், தோட்டத்துச் சுவர்களிலும் கீரைப் பாத்திகளிலும் வெள்ளிக் கோடுகள் தோன்றுகின்றன. இரவில் நத்தை ஊர்ந்து போன தடங்கள் அவை. அந்தத் தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அது கல்கத்தாவையும் காண்டனையும் கடந்து மனித மூளை வரை செல்கிறது. இக்கட்டுரையில் நாம் அந்த வழியில் சிறிது நடந்து பார்ப்போம்.

குற்றாலம் வெளிநாட்டுத் தாவரங்களுக்குப் பழகிய மண். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களை அமைத்தனர். தாவரங்களை இவ்வாறு இடம்பெயர்த்த அதே காலத்து ஆர்வம் பிராணிகளையும் விட்டுவைக்கவில்லை. வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹென்றி பென்சன் சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரிப்பவர். 1847ஆம் ஆண்டில் அவர் மொரீஷியஸிலிருந்து சில ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. கிழக்காப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த நத்தை அங்கிருந்து இந்தியாவெங்கும் பரவியது. மலைக்கு அப்பால், கேரளத்தின் கோன்னிப் பகுதியில் 2005ஆம் ஆண்டில் அது பெருமளவில் தென்பட்டது.

நத்தையைப் பற்றி மட்டுமே பேசினால் இது வேளாண் சிக்கலாக முடிந்துவிடும். நாம் பேச விரும்புவது அதனுள் பயணம் செய்யும் ஒரு புழுவைப் பற்றி.

1935ஆம் ஆண்டில் சீனத்தின் காண்டன் நகரில் சென் என்னும் ஆய்வாளர் எலிகளின் நுரையீரலில் ஒரு நூல் போன்ற புழுவைக் கண்டு பதிவு செய்தார். எலி நுரையீரல் புழு என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். அது மனிதரையும் தாக்கும் என்பது அப்போது தெரியவில்லை. 1945இல் நோமுரா, லின் என்னும் இருவர் தைவானில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் தண்டுவட நீரில் இப்புழுவைக் கண்டதாக ஜப்பானிய மொழியில் எழுதினர். போர்க்காலத்து இதழில் வந்த அக்கட்டுரையை உலகம் பல ஆண்டுகள் கழித்தே படித்தது. இதற்கிடையே, 1955இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசபின் மெக்கராஸ், டொரோதியா சாண்டர்ஸ் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் புழுவின் வாழ்க்கை வட்டத்தை முழுமையாக வரைந்து காட்டினர்.

அந்த வட்டம் விசித்திரமானது. முதிர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. முட்டைகள் நுரையீரலிலேயே பொரிகின்றன. இளம்புழுக்கள் மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டையை அடைய, எலி அவற்றை விழுங்கிவிடுகிறது. பின்னர் அவை எச்சத்தில் வெளியேறுகின்றன. அந்த எச்சத்தை நத்தையோ, ஓடில்லாத நத்தையோ தின்கிறது. நத்தையின் உடலில் இரண்டு மூன்று வாரங்களில் அவை தொற்றக்கூடிய நிலைக்கு வளர்கின்றன. அந்நிலையில் புழுவின் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். எலி அந்த நத்தையைத் தின்றால் புழு குடலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, முதலில் மூளைக்குச் செல்கிறது. அங்கே சில வாரங்கள் வளர்ந்து, மீண்டும் நுரையீரல் தமனிக்குத் திரும்புகிறது. வட்டம் முடிகிறது.

மனிதர் அந்த நத்தையை அறியாமல் உண்டால் புழு மூளை வரை வந்துவிடுகிறது. ஆனால் அங்கிருந்து மேற்கொண்டு செல்லும் வழி அதற்கு மனித உடலில் பெரும்பாலும் கிட்டுவதில்லை, அங்கேயே மடிகிறது. உடலின் ஈசினோபில் வெள்ளணுக்கள் புழுக்களைச் சூழ்ந்து தாக்குவதால் மூளையின் உறைகள் அழற்சியுறுகின்றன. 1962இல் லியான் ரோசனும் உடன் பணிபுரிந்தோரும், ஹவாயில் இறந்த ஒருவரின் மூளையில் புழுக்களைக் கண்டு இந்த உறவை நிலைநிறுத்தினர். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

நத்தையை யார் உண்பார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் 2000ஆம் ஆண்டில் ஜமைக்காவில் கிடைத்தது. சிகாகோவிலிருந்து விடுமுறைக்குச் சென்ற இளைஞர்கள் 23 பேரில் 12 பேர் நோயுற்றனர். ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விசாரித்தபோது, ஒரு குறிப்பிட்ட உணவு வேளையும், அவ்வேளையில் பரிமாறப்பட்ட பச்சை இலைக்கீரைச் சாலட்டுமே நோயோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன. உண்டதற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடைப்பட்ட காலம் பெரும்பாலும் பதினொரு நாட்களை ஒட்டியிருந்தது. ஆகவே நோயாளி தலைவலிக்கு முந்திய நாள் உண்டதை நினைவுகூர்கிறார். குற்றவாளியோ இரண்டு வாரங்களுக்கு முந்திய தட்டில் இருக்கிறது. இரத்தத்தில் ஈசினோபில் பெருக்கம் மருத்துவமனையில் சேர்ந்த ஒன்பது பேரிடமும் பின்னர் காணப்பட்டாலும், முதல் பரிசோதனையில் நால்வரிடம் மட்டுமே தெரிந்தது. முதல் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிட்டிருப்போம்.

மலைக்கு அப்பாலும் இந்நோய் அறியப்பட்டதுதான். 2006இல் இந்திய நரம்பியல் இதழொன்றில் கேரள நோயாளிகளின் தொகுப்பு வெளிவந்தது. அங்கே பேசப்பட்ட காரணங்களில் உடும்பின் பச்சை இறைச்சியும் ஒன்று. நத்தையைத் தின்னும் உடும்பின் தசையில் புழு வளராமல், சாகாமல் காத்திருக்கிறது. உடலுக்கு வலுவூட்டும் என்று நம்பி உண்டவருக்கு அது நோயைத் தந்தது.

நோயின் அடையாளம் சாதாரணத் தலைவலியாகத் தொடங்குகிறது. விடாத கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், சிலருக்கு இரட்டைப் பார்வை. இவற்றோடு, தோலில் ஆடை பட்டாலே எரிவதுபோன்ற அல்லது ஊசி குத்துவதுபோன்ற உணர்வு இருந்தால் மருத்துவர் இப்புழுவை எண்ண வேண்டும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். தண்டுவட நீரில் உள்ள வெள்ளணுக்களில் பத்தில் ஒரு பங்கேனும் ஈசினோபிலாக இருந்தால் ஐயம் வலுப்பெறும். அந்த நீரை எடுப்பதே மூளையின் அழுத்தத்தைத் தணித்து வலியைக் குறைக்கும். ஸ்டீராய்டு மருந்து அழற்சியை அடக்கும். பெரும்பாலோர் தேறுகின்றனர், சிலர் முடங்குகின்றனர், மிகச் சிலர் இறக்கின்றனர்.

நம் சமையலறைக்குத் திரும்புவோம். கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் மடிப்புகளுக்குள் நகத்தளவே உள்ள நத்தைக் குஞ்சு ஒளிந்திருக்கலாம். ஊர்ந்த தடத்திலும் புழு இருக்கக்கூடும். எனினும் பேரபாயம் இலையோடு சேர்த்து நறுக்கப்படும் அந்தக் குஞ்சுதான், ஏனெனில் புழுக்கள் அதன் உடலிலேயே செறிந்துள்ளன. நம் வீடுகளில் கீரையை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அது பூச்சிகளை வெளியே வரச் செய்யலாம். புழுவை உறுதியாகக் கொல்லும் என்று சொல்ல முடியாது. கட்டாக அலசுவதும் போதாது. ஒவ்வோர் இலையையும் பிரித்து, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, கண்ணால் பார்த்த பிறகே நறுக்க வேண்டும். கழுவுதல் ஆபத்தைக் குறைக்கும். கொதிக்க வைத்தலே அதை நீக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடக் கொதியில் புழு சாகிறது. தோட்டத்து நத்தையை வெறுங்கையால் எடுக்காமலும், எடுத்த கையைச் சோப்பால் கழுவாமல் உண்ணாமலும் இருப்பது குழந்தைகளுக்குக் கற்பிக்கத்தக்கது.

ராட்சத நத்தையை ஒழித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இந்தியாவிலேயே 1982இல் பம்பாய் எலிகளில் இப்புழு பதிவாகியது. கப்பல் எலிகளும் அதன் பரவலுக்குத் துணைநின்றன. பல வகை நத்தைகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. பென்சன் கொண்டுவந்த நத்தை இக்கதையின் ஒரு பாத்திரம் மட்டுமே. எலி வளையை ஒட்டிய கீரைப் பாத்தி, சாரலில் நனைந்த இலை, அவசரமாய்க் கழுவிய கை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் கதை முடிகிறது. சுவரின் வெள்ளிக் கோட்டைக் காணும் காலையில், அன்று பறித்த கீரையைச் சற்றுப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.