சண்டை விளையாட்டில் 'லேக்': 'ரோல்பேக்' அதை எப்படி மறைக்கிறது?

"நான் அழுத்திட்டேன், ஆனா அடி விழல!"

இணையத்தில் சண்டை விளையாட்டு ஆடுவோரிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. எல்லாரும் 'லேக்' மீது பழி போடுவார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அதே இணையச் சேவை, அதே எதிராளி. ஓர் ஆட்டத்தில் கை கனக்கிறது. இன்னோர் ஆட்டத்தில் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவதுபோல் இருக்கிறது.

வித்தியாசம் 'நெட்கோடு'. இரண்டு சாதனங்களும் ஒரே சண்டையை ஒன்றுபோல நடத்த உதவும் நிரல் பகுதி அது. அதில் இரண்டு வகை உண்டு: டிலே, ரோல்பேக்.

தாமதத்தை ஒழிக்கவே முடியாதா?

முடியாது. சிங்கப்பூரிலிருந்து தோக்கியோ நேர்க்கோட்டில் சுமார் 5,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வினாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்லும். அப்படியானால் ஒரு வழிப் பயணத்துக்கே 26 மில்லிவினாடிக்கு மேல் ஆகும்.

கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் பல இணைப்புச் சாதனங்கள் இருக்கின்றன. வீட்டு வைஃபையும் சேர்ந்துகொள்ளும். எனவே கணக்குக்கு எளிதாக, ஒரு வழிக்கு 50 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 60 'ஃபிரேம்' ஓடும். ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவினாடி. ஆக, எதிராளி அழுத்தியது உங்களுக்குத் தெரியவரும்போது 3 ஃபிரேம் கடந்திருக்கும்.

டிலே முறை: காத்திருத்தல்

இந்த ஆட்டங்கள் படத்தையோ காணொளியையோ அனுப்புவதில்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டுமே அனுப்புகின்றன. இரண்டு சாதனங்களும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒரே சண்டையைக் காட்டும். அதற்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இருவர் அழுத்தியதும் தெரிய வேண்டும்.

டிலே முறையில் சாதனம் அதற்காகக் காத்திருக்கும். நீங்கள் 100ஆவது ஃபிரேமில் குத்தினால், 103ஆவது ஃபிரேமில்தான் குத்து தொடங்கும். எதிராளிக்கும் அப்படியே.

தாமதம் மாறாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஆனால் இணையம் அப்படி இருப்பதில்லை. தகவல் இன்னும் தாமதமாக வந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். சில ஆட்டங்கள் காத்திருக்கும் நேரத்தை இடையிலேயே கூட்டும், குறைக்கும். பயிற்சியில் நூறு முறை சரியாக வந்த தொடர் அடி இங்கே தவறுவது அதனால்தான். உங்கள் விரல் சரியான நேரத்தில்தான் அழுத்தியது. நேரம் நகர்ந்துவிட்டது.

ரோல்பேக் முறை: ஊகித்தல், திருத்துதல்

ரோல்பேக் காத்திருப்பதில்லை. நீங்கள் அழுத்தியது உடனே நடக்கும். எதிராளியின் பங்கைச் சாதனம் ஊகிக்கும்.

ஊகம் ரொம்ப எளிது: 'போன ஃபிரேமில் என்ன செய்தாரோ, அதையேதான் இப்போதும் செய்கிறார்.'

இது எப்படிச் சரியாக வரும் என்று கேட்கலாம். ஒருவர் வினாடிக்கு 5 முறை அழுத்தி, 5 முறை விடுகிறார் என்றால்கூட மொத்தம் 10 மாற்றங்கள்தான். மீதமுள்ள 50 ஃபிரேமில் ஊகம் சரி.

ஊகம் தவறினால்? எதிராளி குனிந்திருக்கிறார். 100ஆவது ஃபிரேமில் உதைக்கிறார்.

- 100, 101, 102: உங்கள் சாதனம் அவர் இன்னும் குனிந்திருப்பதாகவே காட்டுகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் நிலையையும் சேமித்தும் வைக்கிறது.
- 103: உதைத்த தகவல் வந்து சேர்கிறது.
- உடனே 100ஆவது ஃபிரேமின் தொடக்கத்தில் சேமித்த நிலைக்குத் திரும்புகிறது.
- உதையைச் சேர்த்து, நீங்கள் உண்மையில் அழுத்தியவற்றையும் வைத்து 100, 101, 102 மூன்றையும் மீண்டும் கணக்கிடுகிறது. அவற்றைத் திரையில் காட்டுவதில்லை.
- பிறகு 103ஐக் கணக்கிட்டுக் காட்டுகிறது.

இவ்வளவும் ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது: உதை அதன் 4ஆவது ஃபிரேமிலிருந்து தொடங்குகிறது. அந்த உதை 8ஆவது ஃபிரேமில்தான் படும் என்றால், கால் பாதி நீட்டியிருக்கும்போதே பார்த்துவிடுகிறீர்கள். அடி படும் தருணம் மாறவில்லை. அதனால்தான் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

அப்போ, விலை ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. தாமதம் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. உங்கள் கையிலிருந்து எதிராளியின் உருவத்துக்குப் போய்விட்டது.

4 ஃபிரேமில் படும் வேகமான குத்து என்றால், மேலே சொன்ன கணக்கில் அது படும் ஃபிரேமில்தான் முதன்முதலில் கண்ணில் படும். தூரம் இன்னும் அதிகமானால் எதிராளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதுபோல் தெரியும். விழுந்ததாகக் காட்டிய அடி விழாததாக மாறலாம். அடியின் சத்தம் மட்டும் ஏற்கெனவே கேட்டிருக்கும்!

ஆகவே பல ஆட்டங்கள் இரண்டையும் கலக்கின்றன. 2 ஃபிரேம் காத்திருந்தால், 3 ஃபிரேம் தாமதத்தில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதோடு, எவ்வளவு பின்னால் போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 'GGPO' என்ற புகழ்பெற்ற ரோல்பேக் நிரலில் அது 8 ஃபிரேம். அதைத் தாண்டினால் அதுவும் காத்திருக்கும்.

'எவோ' போட்டியின் நிறுவனர்களில் ஒருவரான டோனி கேனன் உருவாக்கிய நிரல் அது. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360 சாதனத்துக்கு வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' பதிப்பின் இணைய ஆட்டம் திருப்தி தராததே அதற்குத் தூண்டுதல். 2019இல் அதை யாரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்.

ரோல்பேக் இருந்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் மோசம்?

2016இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ரோல்பேக் ஆட்டம்தான். ஆனாலும் ஒருவர் திரையில் எல்லாம் சீராக ஓடும். மற்றவர் திரையில் எதிராளி தாவிக்கொண்டே இருப்பார்.

காரணம் கடிகாரம். ஒரு சாதனம் மற்றதைவிடச் சில ஃபிரேம் முன்னால் ஓடினால், அதற்கு எல்லாத் தகவலும் தாமதமாகவே வரும். திருத்தம் முழுவதும் அதன் தலையில் விழும். பின்னால் ஓடும் சாதனத்துக்கு ஊகிக்க வேண்டிய தேவையே குறைவு. முன்னால் ஓடுவதைக் கொஞ்சம் மெதுவாக்கி இரண்டையும் சமப்படுத்துவதே தீர்வு. 2020இல் ரசிகர் ஒருவர் கணினிப் பதிப்புக்கு அப்படி ஒரு திருத்தம் வெளியிட்டார். விரைவில் கேப்காம் நிறுவனமும் அதிகாரபூர்வத் திருத்தத்தை வெளியிட்டது.

உங்கள் ஆட்டத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

- உங்கள் சொந்த உருவமே தாமதமாக அசைகிறதா, திரை நின்று நின்று ஓடுகிறதா? அது டிலே.
- உங்கள் உருவம் உடனே அசைகிறது, எதிராளி மட்டும் தாவுகிறாரா? அது ரோல்பேக். திருத்தம் அதிகம் நடக்கிறது.
- இரண்டும் இருந்தால், பெரும்பாலும் வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள்.

தூரத்தை உங்களால் குறைக்க முடியாது. தடுமாற்றத்தைக் குறைக்கலாம். வைஃபையில் சராசரித் தாமதம் நன்றாக இருந்தாலும், திடீரென்று ஒரு தகவல் 100 மில்லிவினாடி பிந்தலாம். அந்த ஒரு தகவலுக்காக 6 ஃபிரேம் பின்னால் போக வேண்டியிருக்கும். கம்பிவழி இணைப்புக்கு மாறிப் பாருங்கள். 'பிங்' எண் அதேபோல் இருந்தாலும் எதிராளியின் தாவல் குறையும்.