‘டேட்டா’ வழக்கு

செல்போனில் டேட்டா தீர்ந்துவிட்டது என்கிறோம். தீர்ந்துவிட்டன என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று போய் உட்கார்ந்தால், அதே டேட்டா ஆளை மிரட்டுகிறது. அதற்குப் பின்னால் ‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா? கோச்சிங் சென்டரில் பாடம் எடுத்தவர் ‘ஆர்’ என்றிருப்பார். அன்று காலை வாசித்த ஆங்கில நாளிதழில் ‘இஸ்’ இருந்திருக்கும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கலே. இந்த நியாயங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால், தேர்வில் எதைத் தொடுவது என்பதும் விளங்கும்.

லத்தீனில் ‘தாரே’ என்றால் கொடுத்தல். அதிலிருந்து வந்தது ‘டேட்டம்’, கொடுக்கப்பட்ட ஒன்று. அதன் பன்மை ‘டேட்டா’, கொடுக்கப்பட்டவை. யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய வடிவியல் நூல் ஒன்றுக்கு ‘டெடோமெனா’ என்று பெயர், பொருள் இதுவேதான். லத்தீனில் அந்த நூலை ‘டேட்டா’ என்றே அழைத்தார்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் இடைக்கோணமும் தந்திருந்தால் மற்றதெல்லாம் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அப்படித் தரப்பட்டவை எவை, அவற்றால் தீர்மானமாகிறவை எவை என்று ஆராய்கிற நூல் அது. நம் கணக்குப் புத்தகத்தில் ‘கொடுக்கப்பட்டுள்ளவை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தானே தீர்வுக்குப் போகிறோம், அந்த வரிதான் டேட்டா.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. அப்போதும் அதன் பொருள் ‘விவாதத்துக்கு முன் ஒப்புக்கொள்ளப்பட்டவை’ என்பதுதான். கணக்கில் மட்டுமல்ல, சமய வாதங்களிலும் அப்படியே புழங்கியது. இன்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர் இது. இன்று டேட்டா என்றால் தேடித் திரட்டியது, அளந்து எடுத்தது. அன்றைக்கோ தேடாமலே கையில் இருப்பதாக வைத்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல மெல்ல ஆய்வின் தொடக்கத்தில் இருந்த சொல் ஆய்வின் முடிவுப் பக்கம் நகர்ந்து, சோதனையிலும் கணக்கெடுப்பிலும் கிடைத்த உண்மைகளைக் குறிக்கத் தொடங்கியது. பொருள் இப்படித் தலைகீழானதைப் பற்றி எந்த இலக்கண வாத்தியாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருமை பன்மைக்குத்தான் இத்தனை சண்டை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் கணினி வந்தது. எண்ணி எடுக்கும்படி தனித்தனியாக இருந்த டேட்டா, படி கணக்கில் அளக்கும் அரிசி போல ஆகிவிட்டது. ஒரு ஜிபி டேட்டா என்போம். ‘மூன்று டேட்டா’ என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் பேசுகிறவரும் ‘மச் டேட்டா’ என்று இயல்பாகச் சொல்வார். ‘மெனி டேட்டா’ என்று சொல்லத் தயங்குவார். எண்ண முடியாத பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒருமை வினைதான்.

பழைய ஒருமையான ‘டேட்டம்’ என்ன ஆயிற்று? அது தனிக்குடித்தனம் போய்விட்டது. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரோடு, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அந்த உயரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்கினார்களோ அந்தச் சராசரிக் கடல் மட்டம், நில அளவைக்காரர்களுக்கு ஒரு ‘டேட்டம்’. ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைகளைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அவர்கள் ‘டேட்டம்ஸ்’ என்பார்கள். டேட்டா என்று சொன்னால் அவர்கள் துறையில் அது வேறு பொருள். பெற்ற ஒருமையே பன்மையை விட்டு விலகிவிட்டபின், டேட்டாவைப் பன்மை என்று நிறுத்துவதற்கு லத்தீன் மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியும் அவ்வளவு உறுதியானதல்ல. கூட்டங்களில் கையில் தருகிற ‘அஜெண்டா’ லத்தீனில் பன்மைதான்: செய்ய வேண்டியவை. ‘ஸ்டாமினா’வும் பன்மை. இவற்றுக்கு ‘ஆர்’ போட வேண்டும் என்று இன்று எவரும் கேட்பதில்லை.

ஆனாலும் எழுத்துலகம் ஒரே குரலில் பேசவில்லை. ஃபௌலரின் புகழ்பெற்ற ஆங்கில வழக்குக் கையேட்டை எர்னஸ்ட் கவர்ஸ் திருத்தி 1965இல் வெளியிட்டபோது, அமெரிக்காவில் டேட்டாவை ஒருமையாக ஆள்வது பரவிவிட்டது, பிரிட்டனில் அது இன்னும் பிழைதான் என்ற நிலையைப் பதிவு செய்தார். இப்போது பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ஒருமையாகவே எழுதுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, ஆய்வேடு எழுதுகிறவர்கள் தலைமேல் வைத்திருக்கும் கையேடு, பன்மையையே கேட்கிறது. ஆக, நாடு மாறினால் விதி மாறும் என்பதும் போய், மேசை மாறினால் விதி மாறும் என்று ஆகியிருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்தத் தவிப்பு கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கும். ‘மரம் வளர்ந்தது’, ‘மரம் வளர்ந்தன’ இரண்டும் சரி. ‘கள்’ சேராத அஃறிணைப் பெயர் வினையைக் கொண்டே ஒருமையோ பன்மையோ ஆகும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். டேட்டாவுக்கு நாம் வழங்கும் ‘தரவு’ என்ற சொல்லும் ‘தா’ என்ற வேரில் பிறந்ததுதான். கலிப்பாவின் முதல் உறுப்பாக யாப்பிலக்கணத்தில் இருந்த பழைய சொல், இன்று புள்ளியியலுக்கு வந்திருக்கிறது. தரவு வந்தது, தரவு வந்தன. எப்படி எழுதினாலும் மதிப்பெண் குறையாது.

ஆங்கிலத் தேர்வில் குறையும். அதனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிழை கண்டுபிடிக்கும் வகைக் கேள்வி, நானே அமைத்தது. முதல் பகுதி: ‘த டேட்டா கலெக்டட் ஃப்ரம் த வில்லேஜஸ்’. இரண்டாவது: ‘ஹேஸ் பீன் சென்ட் டு த கமிட்டி’. மூன்றாவது: ‘விச் வில் டிஸ்கஸ் அபௌட் இட் டுமாரோ’. நான்காவது: ‘நோ எரர்’.

அவசரக்காரர் இரண்டாம் பகுதியைக் கண்டதும் ‘ஹேஸ்’ தப்பு, ‘ஹேவ்’ வர வேண்டும் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நிதானக்காரர் கடைசிவரை வாசிப்பார். மூன்றாம் பகுதியில் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபௌட்’ நிற்கிறது. அது எல்லாக் கையேடும் பிழை என்று சொல்கிற பிழை. சர்ச்சையில் இருக்கும் ஒன்றும், சர்ச்சையே இல்லாத பிழை ஒன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் இரண்டாவதுதான் விடை. கேள்வியில் டேட்டா ஒருமையாகவே இயல்பாக வந்திருக்கிறது என்பதற்கு, கடைசியில் வரும் ‘இட்’டும் அடையாளம்.

இனி அந்த ‘அபௌட்’டை எடுத்துவிடுங்கள், ‘இட்’ இருந்த இடத்தில் ‘தெம்’ வையுங்கள். இப்போது டேட்டாவைத் ‘தெம்’ என்று பன்மையாகச் சுட்டிவிட்டு ‘ஹேஸ்’ என்று ஒருமை வினை போட்டிருக்கிறது. ஒருமை என்றாலும் பன்மை என்றாலும் வாக்கியம் தன்னோடு தானே முரண்படுகிறது. ‘ஹேஸ்’ உள்ள இரண்டாம் பகுதிதான் விடை. இப்படி டேட்டா வரும் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றியிருக்கும் சொற்களைத்தான். ‘தீஸ்’, ‘மெனி’, ‘தெம்’ இருந்தால் பன்மை வினை. ‘திஸ்’, ‘மச்’, ‘இட்’ இருந்தால் ஒருமை வினை. லத்தீனை அங்கே கூப்பிட வேண்டியதில்லை.

எந்தத் துப்பும் இல்லாமல், வேறு பிழையும் இல்லாமல், ‘த டேட்டா’வுக்குப் பக்கத்தில் ‘ஹேஸ்’ மட்டும் இருந்தால்? நம் போட்டித் தேர்வுகளின் கேள்விகள் பெரும்பாலும் பழைய இலக்கணப் புத்தகங்களின் வழியில் வருபவை. அங்கே டேட்டா பன்மை. ஆகவே பன்மையின் பக்கம் சாய்வதே பாதுகாப்பு. ‘ஆர்’ போட்டால் கண்டிப்பானவரும் ஒப்புக்கொள்வார், தாராளமானவரும் ஒப்புக்கொள்வார். ‘இஸ்’ போட்டால் தாராளமானவர் மட்டுமே ஒப்புக்கொள்வார். நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.50 குறைவு. இரண்டு விடைகளுக்கு நடுவில்தான் குழப்பம் என்றால் தொட்டுவிடுவதே லாபம்.

‘ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்’ என்கிற இன்னொரு பூச்சாண்டிக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான். ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே அடைமொழியை நுழைக்கக் கூடாது என்ற கண்டிப்பு 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அதற்கு இந்தப் பெயர் சூட்டியதே அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் முகப்பு வசனத்தில் உள்ள ‘டு போல்ட்லி கோ’ இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். எகானமிஸ்ட் இதழ் 2018இல் தன் தடையைத் தளர்த்திவிட்டது. ஆனாலும் இரண்டு விடைகள் ஒரே பொருள் தந்தால் பிரிக்காததைத் தேர்ந்தெடுங்கள். பொருள் மாறினால் மட்டும் பிரிப்பதே சரி. ‘ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் அவனுக்கு அரைகுறையாகப் புரிந்திருக்கிறது. ‘ஹி கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ஒன்றுமே புரியவில்லை.

தேர்வு நடத்துகிறவர்களும் இந்த விஷயத்தில் சூடு கண்ட பூனைகள்தாம். 2002இல் அமெரிக்காவின் பி.எஸ்.ஏ.டி. தேர்வில், நாவலாசிரியர் டோனி மாரிசனின் மேதைமை அவருக்கு நாவல்கள் படைக்க வழிசெய்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் கொடுத்துப் பிழை கேட்டார்கள். விடைக்குறிப்பு, பிழை இல்லை என்றது. மேரிலாந்து மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விடவில்லை. ‘மாரிசன்ஸ்’ என்ற உடைமைச் சொல்லை ‘ஹெர்’ என்ற பிரதிப்பெயர் சுட்டக் கூடாது என்கிற பழைய விதியை எடுத்துக்காட்டி மாதக்கணக்கில் கடிதம் எழுதினார். அந்த விதியை நல்ல எழுத்தாளர்கள் பலர் பொருட்படுத்தியதில்லை. ஆனால் சில கையேடுகளில் அது இருந்தது. 2003இல் அந்தக் கேள்வியையே நீக்கி மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டார்கள். இத்தகைய வம்பு வேண்டாம் என்று நினைக்கும் கேள்வி அமைப்பாளர், சர்ச்சையில் உள்ள பயன்பாட்டை மையமாக வைத்துக் கேள்வி போடுவதைத் தவிர்க்கவே பார்ப்பார்.

எல்லோரும் அவ்வளவு கவனமாக இருப்பதில்லை. அதனால்தான் தற்காலிக ஆன்சர் கீயும் ஆட்சேபத்துக்கான அவகாசமும் இருக்கின்றன. உங்கள் டேட்டா கேள்வி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், ‘எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்’ என்று எழுதாதீர்கள். ஒருமை, பன்மை இரண்டையும் ஏற்கும் அகராதிப் பதிவை, பதிப்பும் பக்க எண்ணும் குறித்துப் படியெடுத்து இணையுங்கள். இரண்டு விடையையும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் கேள்வியை நீக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.