இல்லாத இருக்கையின் விற்பனை: கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணச்சீட்டும் போலித் தளங்களை இனங்காணும் முறையும்

1. சிக்கலின் இயல்பு

பயணச்சீட்டு விற்பதாகக் கூறும் போலி இணையதளங்களை அடையாளம் காண்பதற்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் தளத்தின் தோற்றத்தையே சுற்றி வருகின்றன. எழுத்துப்பிழை மலிந்திருக்கும், படங்கள் மங்கலாக இருக்கும், முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இராது என்பன அவற்றுள் முதன்மையானவை. அசல் தளத்தின் பக்கங்களை அப்படியே நகலெடுத்து வேறொரு முகவரியில் நிறுத்துவது சில மணி நேர வேலையாகிவிட்ட நிலையில், இவ்வடையாளங்கள் கவனக்குறைவான மோசடிக்காரரைக் காட்டிக்கொடுக்குமே தவிர, தேர்ந்தவரைக் காட்டிக்கொடுக்கமாட்டா. ஒரு தளத்தில் காணப்படும் எந்த அடையாளத்தைப் பற்றியும் முதலில் எழுப்ப வேண்டிய வினா, அதை உருவாக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதே. மோசடிக்காரர் தாமே செய்துகொள்ளக்கூடிய எதுவும் சான்றாகாது. அவர் கைக்கு எட்டாத பதிவேடுகளில் இருப்பதே சான்றாகும் என்பது இக்கட்டுரையின் வாதம். கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணச்சீட்டு விற்பனையைக் கொண்டு அவ்வாதம் இங்கு நிறுவப்படுகிறது.

2. அசல் விற்பனை நடைபெறும் முறை

உத்தராகண்ட் மாநிலத்தின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கேதார்நாத் கோயிலை அடைய, கௌரிகுண்டிலிருந்து பதினாறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதையை நடந்தோ குதிரையிலோ கடக்க வேண்டும். இதற்கு மாற்றாகக் குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய மூன்று இடங்களிலிருந்து ஹெலிகாப்டர்கள் இயக்கப்படுகின்றன. குறித்த இரு இடங்களுக்கிடையே திரும்பத் திரும்பச் சென்றுவரும் இச்சேவை ‘ஷட்டில்’ எனப்படுகிறது. இதற்கான பயணச்சீட்டுகள் 2023 முதல், மாநில அரசின் சிவில் விமானப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணையத்தின் சார்பில், இந்திய ரயில்வேயின் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் heliyatra.irctc.co.in என்ற தளத்தில் விற்கப்படுகின்றன.

இவ்விற்பனையின் இரு கூறுகள் இங்கு முக்கியமானவை. முதலாவது, சார்தாம் யாத்திரைக்காக மாநில அரசிடம் முன்கூட்டியே பதிவு செய்து பெற்ற எண் இல்லாமல் இருக்கையை முன்பதிவு செய்ய இயலாது. இரண்டாவது, பருவம் முழுமைக்குமான இருக்கைகள் ஒரே நாளில் திறந்துவிடப்படுவதில்லை. குறிப்பிட்ட தேதிகளுக்கானவை மட்டும், அறிவிக்கப்பட்ட நாளில், தொகுதி தொகுதியாக விற்பனைக்கு வருகின்றன. 2025இல் மே மாதப் பயணத்துக்கான முன்பதிவு ஏப்ரல் 8 அன்று தொடங்கி அன்றே முடிந்துபோயிற்று. ஏப்ரல் 19 அன்று, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு உள்ளிட்டவற்றின் பெயரால் போலித் தளங்களும், சமூக ஊடகப் பக்கங்களும், தேடுபொறி விளம்பரங்களும் இயங்குவதாக எச்சரிக்கை வெளியிட்டது. அசல் தளத்தில் இருக்கை தீர்ந்த பின்னும் தேவை தீர்வதில்லை. அந்த இடைவெளியே போலித் தளத்தின் சந்தை.

3. ஓர் எடுத்துக்காட்டு

வாதத்துக்காக ஒரு சூழலைக் கற்பித்துக்கொள்ளலாம். மதுரையைச் சேர்ந்த நால்வர் குடும்பம் மே மூன்றாம் வாரத்தில் கேதார்நாத் செல்லத் திட்டமிட்டு, ஏப்ரல் இறுதியில் ஹெலிகாப்டர் முன்பதிவைத் தேடுகிறது. தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வந்த ஒரு தளம், பாட்டாவிலிருந்து அவர்கள் விரும்பும் தேதிக்கே நான்கு இருக்கைகள் உள்ளன என்கிறது. பெயரையும் கைபேசி எண்ணையும் நிரப்பியதும், வாட்ஸ்அப் வழியே ஒருவர் தொடர்புகொண்டு, ஆதார் படங்களைப் பெற்றுக்கொண்டு, தலைக்கு ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் வீதம் யு.பி.ஐ. மூலம் செலுத்தச் சொல்கிறார். பணம் சென்றதும் ஐ.ஆர்.சி.டி.சி. முத்திரை பதித்த பயணச்சீட்டு பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. மறுநாள், திருப்பித் தரப்படும் காப்பீட்டுக் கட்டணம் என்ற பெயரில் மேலும் ஒரு தொகை கேட்கப்படுகிறது.

இத்தொடரில் விலை ஐயத்தை எழுப்பவில்லை என்பது கவனத்துக்குரியது. 2025 பருவத்தில் பாட்டாவிலிருந்து சென்றுவர உண்மையான கட்டணமும் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய்தான். நம்பமுடியாத மலிவு விலையே மோசடியின் அடையாளம் என்று எண்ணுவோர் இங்கு ஏமாறுவர். இல்லாத பொருளை விற்பவருக்கு உண்மை விலையைக் கேட்பதில் எந்த இழப்பும் இல்லை. ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டியவை வேறு இரண்டு. அசல் தளத்தில் மே மாத இருக்கைகள் மூன்று வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டன. ஆகவே நான்கு இருக்கைகள் உள்ளன என்ற கூற்று அசல் பதிவேட்டோடு முரண்படுகிறது. அடுத்து, யாத்திரைப் பதிவு எண் எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும், எந்த எண்ணைத் தந்தபோதும் அது ஏற்கப்பட்டிருக்கும், ஏனெனில் அதைச் சரிபார்க்கும் அரசுப் பதிவேட்டின் தொடர்பு போலித் தளத்துக்கு இல்லை. பணம் கைமாறுவதற்கு முன்பே கிடைக்கும் இவ்விரு முரண்களும் தளத்தின் வடிவமைப்பைச் சிறிதும் சாராதவை.

4. முகவரியும் பூட்டும்

இணைய முகவரியைப் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட துண்டுகளாகக் கொண்டு வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். heliyatra.irctc.co.in என்பதில் co.in என்பது இந்திய நிறுவனங்களுக்குப் பயன்படும் பொது ஈறு. அதற்கு நேர் இடப்புறம் உள்ள irctc என்பதே பதிவாளரிடம் ஒருவர் தம் பெயரில் பெற்ற ஆள்களப் பெயர், அதாவது அத்தளத்தின் உரிமையைத் தீர்மானிக்கும் பகுதி. அதற்கும் இடப்புறம் வரும் heliyatra என்பதை உரிமையாளர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே heliyatra-irctc.example என்பதிலும் irctc.heliyatra.example என்பதிலும் ‘irctc’ என்ற சொல் இருந்தாலும் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. முன்னதில் அது இணைப்புக்கோட்டால் ஒட்டப்பட்ட வேறொரு பெயரின் உறுப்பு. பின்னதில் உரிமையாளர் இஷ்டப்படி வைத்த முன்னொட்டு. (.example என்ற ஈறு விளக்கங்களுக்கென ஒதுக்கப்பட்டது.) சொல் இருக்கிறதா என்பதன்று, எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

பூட்டுச் சின்னம் இதைவிடக் குறைவாகவே சொல்கிறது. உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 2015 முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு இதற்கான சான்றிதழ்களை இலவசமாகவும் தானியங்கியாகவும் வழங்கிவருகிறது. அது சோதிப்பது கேட்பவர் அந்த ஆள்களப் பெயரைக் கையாள்கிறாரா என்பதை மட்டுமே. பூட்டை நம்பகத்தின் சின்னமாக மக்கள் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் குரோம் உலாவி 2023இல் அதை நீக்கிவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

ஆள்களப் பெயர் பதிவான தேதியை ‘ஹூ இஸ்’ எனப்படும் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். பல்லாண்டு அனுபவம் பேசும் தளத்தின் பெயர் மூன்று வாரங்களுக்கு முன் பதிவாகியிருப்பின் அக்கூற்று பொய். ஆயினும் பழைய பெயர்களை விலைக்கு வாங்குவதும், பிறர் தளத்தை ஊடுருவிப் பயன்படுத்துவதும் நடப்பதால், பழைய தேதி நேர்மைக்குச் சான்றாகாது.

5. பணம் சேரும் இடம்

யு.பி.ஐ. செயலியில் கடவு எண்ணை இடுவதற்கு முன், பெறுபவரின் பெயர் திரையில் தோன்றுகிறது. பணம் பெறுபவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரை அன்றி, வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று தேசிய கொடுப்பனவுக் கழகம் 2025 ஜூன் இறுதி முதல் செயலிகளுக்கு விதித்துள்ளது. ஐ.ஆர்.சி.டி.சி.க்குச் செலுத்துவதாகச் சொல்லப்படும் தொகை ஒரு தனிநபரின் பெயருக்குச் செல்லுமானால், அத்துடன் ஆய்வு முடிந்தது. எதிர்நிலையில் இச்சோதனை வலுவற்றது. வாடகைக்குப் பெறப்பட்ட கணக்குகள் ‘டிராவல்ஸ்’ என்று முடியும் பெயர்களிலும் இருக்கக்கூடும்.

இக்கட்டத்தைத் தாண்டியபின் சட்டப் பாதுகாப்பு குறுகிவிடுகிறது. வாடிக்கையாளர் அறியாமல் நடந்த மின்னணுப் பரிமாற்றங்களில் அவரது பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதிகள், அவரே தம் கடவு எண்ணை இட்டு அனுப்பிய தொகைக்கு அதே பாதுகாப்பை அளிப்பதில்லை. எஞ்சும் வழி 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனடியாகப் புகார் அளிப்பதே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் அதை வங்கிகள் நிறுத்திவைக்க முடிந்தால் மட்டுமே இவ்வழி பயன்தரும். எனவே இரண்டாம் தொகை கேட்கப்படும்வரை காத்திருப்பது பெரும்பாலும் முதல் தொகையை மீட்கும் வாய்ப்பை இழப்பதாகும்.

6. முறையின் எல்லைகள்

மேற்கண்ட வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும்: அசல் தளத்துக்கு வெளியே நடக்கும் எல்லா விற்பனையும் மோசடிதானா? இல்லை. டேராடூனின் சஹஸ்திரதாராவிலிருந்து நான்கு தலங்களையும் இணைத்துச் செல்லும் வாடகை ஹெலிகாப்டர் பயணங்களை இயக்கு நிறுவனங்கள் தாமே விற்கின்றன. அவற்றின் கட்டணம் ஷட்டில் கட்டணத்தைப் பன்மடங்கு விஞ்சியது. ‘நாங்கள் வாடகைச் சேவையினர்’ என்று சொல்லி ஷட்டில் விலையைக் கேட்பவர் இவ்விரு சேவைகளையும் பற்றிய குழப்பத்தையே மூலதனமாக்குகிறார்.

மறுவிற்பனைத் தளங்களில் எல்லை இன்னும் மங்கலானது. 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த ‘கோல்ட்பிளே’ இசைக்குழுவின் நிகழ்ச்சிகளுக்கு அதிகாரபூர்வ விற்பனையாளராக இருந்த ‘புக்மைஷோ’, மறுவிற்பனைத் தளங்கள் எவற்றோடும் தனக்குத் தொடர்பில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய தளம் உண்மையான நிறுவனமாகவே இருக்கலாம். ஆனால் அதில் பட்டியலிடும் விற்பனையாளர் கையில் அந்நேரம் பயணச்சீட்டோ நுழைவுச்சீட்டோ இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அங்கு ஆராய வேண்டியது தளத்தின் உண்மையை மட்டுமன்று, சீட்டைப் பிறர் பெயருக்கு மாற்றுவதை அதை வழங்கியவர் ஏற்கிறாரா என்பதையும்தான். பயணியின் பெயரோடும் அடையாள ஆவணத்தோடும் பிணைந்த ஹெலிகாப்டர் இருக்கைக்கு அத்தகைய மறுவிற்பனையே பொருளற்றது.

7. முடிவு

பயணச்சீட்டு என்பது தாளோ கோப்போ அன்று. அதை வழங்கியவரின் பதிவேட்டில் உள்ள ஓர் உள்ளீடு. கையில் உள்ள பி.டி.எஃப். அந்த உள்ளீட்டைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. சுட்டப்படும் பொருள் இல்லாமலும் குறிப்பை அச்சிட முடியும். எனவே சோதனையின் வரிசை வழங்குபவரிடமிருந்து தொடங்க வேண்டும்: அவர் பதிவேட்டில் இன்று இருக்கை உண்டா, அவர் கட்டாயமாகக் கேட்பதை இத்தளமும் கேட்கிறதா, முகவரியின் உரிமைப் பகுதி அவருடையதா, பணம் அவர் பெயருக்குச் செல்கிறதா. முதல் வினாவுக்கான விடை தேடுபொறியில் கிடைப்பதன்று. அறிந்த முகவரியைத் தாமே தட்டச்சு செய்து அசல் தளத்தில் நுழைந்து பெறவேண்டியது. அங்கு இல்லாத இருக்கை வேறெங்கும் இருக்க முடியாது.