இறுதித் தீர்ப்பாணை விளக்கக் கடிதம்

இறுதித் தீர்ப்பாணை விளக்கக் கடிதம் என்பது, நீதிமன்றம் பிறப்பித்த இறுதித் தீர்ப்பாணையின்படி கட்சிக்காரர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், தவறினால் என்ன நேரும் என்பதை அவருடைய வழக்கறிஞர் எளிய நடையில் எழுதித் தருவதாகும். இந்தியாவில் பாகப்பிரிவினை வழக்குகளில், குறிப்பாகக் கட்சிக்காரர் முதியவராக இருக்கும்போது, இதன் தேவை மிகுதி.

இரண்டு தீர்ப்பாணைகள்

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி (கட்டளை 20, விதி 18) பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் இரண்டு கட்டமாக முடியும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதனிலைத் தீர்ப்பாணை சொல்லும். அதன்பின் நீதிமன்றம் அமர்த்தும் ஆணையர் இடத்தை அளந்து, வரைபடத்துடன் அறிக்கை தருவார். எந்தப் பகுதி யாருக்கு என்பதை இறுதித் தீர்ப்பாணை சொல்லும். முதனிலைத் தீர்ப்பாணையை மேல்முறையீடு செய்யாமல் விட்டவர், இறுதித் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் பங்கு அளவைப் பற்றி வாதாட முடியாது (பிரிவு 97). “எனக்கு ஏன் மூன்றில் ஒன்றுதான்?” என்று கேட்கும் மூதாட்டிக்குக் கடிதம் முதலில் விளக்க வேண்டியது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சுயசம்பாத்திய வீட்டுமனைக்கு மனைவி, மகன், மகள் ஆகிய மூவரும் சம வாரிசுகள் என்று கொள்வோம். மனையின் மதிப்பு 60 லட்சம் ரூபாய். ஆளுக்கு 20 லட்சம். தாய் குடியிருக்கும் கட்டடம் நிற்கும் ‘ஏ’ பகுதி அவருக்கே ஒதுக்கப்படுகிறது. அதன் மதிப்பு 21.5 லட்சம். மகனின் ‘பி’ பகுதி 19.5 லட்சம், மகளின் ‘சி’ பகுதி 19 லட்சம். ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத் தாய் பணம் தர வேண்டும். தாய் சாமான் வைத்திருக்கும் பின்கட்டு அறை ‘பி’ பகுதியில் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் தீர்ப்பாணை இரண்டு மாதக் கெடு விதிக்கிறது.

அவருக்கு எழுதும் கடிதத்தின் மையப் பகுதி இவ்வாறு அமையலாம்:

“அம்மா, நீங்கள் குடியிருக்கும் வீடு உங்களுக்கே வந்திருக்கிறது, அதை விட்டு நீங்கள் போக வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. மகனுக்கு 50,000 ரூபாயும் மகளுக்கு 1,00,000 ரூபாயும் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். பின்கட்டு அறையைக் காலி செய்து மகனிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்து வாங்க வேண்டும். உங்கள் பங்குக்குரிய முத்திரைத்தாளை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.”

முத்திரைத்தாள்

பலர் தவறவிடுவது மூன்றாவது கடமையை. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், பாகப்பிரிவினையை நிறைவேற்றும் நீதிமன்ற இறுதி உத்தரவையும் பாகப்பிரிவினை ஆவணமாகவே கொள்கிறது. ஆகவே தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பிறகே அதைக் கொண்டு நிறைவேற்றம் கோர முடியும். நிறைவேற்று மனுவுக்கான காலவரம்பு 12 ஆண்டுகள். அது முத்திரைத்தாள் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பாணையின் தேதியிலிருந்தே ஓடுகிறது என்று உச்ச நீதிமன்றம் சிரஞ்சி லால் எதிர் ஹரி தாஸ் வழக்கில் (2005) தீர்த்துவைத்தது. முத்திரைத்தாளைத் தள்ளிப்போட்டவர் உரிமையையே இழக்க நேரலாம். எழுதப்பட்ட தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுக்கும் தனிப் பட்டாவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தவறினால்

அறையை ஒப்படைக்காவிட்டால் மகன் நிறைவேற்று மனு போடலாம். நீதிமன்ற அமீனா வந்து சுவாதீனத்தை எடுத்துக் கொடுப்பார். பணம் கட்டாவிட்டால் தாயின் சொத்து ஜப்திக்கு உள்ளாகலாம். ஆனால் பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறை வைக்கவோ சட்டம் அனுமதிக்கவில்லை (பிரிவு 56). ‘போலீஸ் வந்து கூட்டிப் போகும்’ என்று உறவினர்கள் மிரட்டும் வீடுகளில் இந்த ஒரு வரி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக் காலம் மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பாணை நகல் பெறத் தேவைப்பட்ட நாள்கள் இதில் கழிக்கப்படும். மேல்முறையீடு போட்டதாலேயே கெடு நின்றுவிடாது; தனியாகத் தடையுத்தரவு பெற வேண்டும்.

கடிதத்தின் எல்லை

கடிதத்துக்குச் சட்ட வலிமை இல்லை. அதற்கும் தீர்ப்பாணைக்கும் முரண் வந்தால் தீர்ப்பாணையே செல்லும். எனவே ஒவ்வொரு கடமைக்கும் தீர்ப்பாணையின் பத்தி எண்ணைக் குறித்து, ஆணையரின் வரைபட நகலில் கட்சிக்காரரின் பகுதியை வண்ணமிட்டு இணைத்து, கடைசி நாளைத் தேதியாகவே எழுத வேண்டும். கடிதம் பெற்றவர் அதைச் சான்றிட்ட நகலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுவதோ கையெழுத்திடுவதோ நல்லது.