கரையொதுங்கும் நீல நிற உயிரினங்கள்: அடையாளமும் கொட்டும் தன்மையும்

கடலிலிருந்து காற்று சில நாட்கள் விடாமல் வீசிய பிறகு, அலை வந்து திரும்பும் கோட்டில் அடர்நீல நிறத்தில் சிறு உயிரினங்கள் சிதறிக் கிடப்பதுண்டு. சில ஊதிய பை போல இருக்கும். சில வட்டத் தகடாக இருக்கும். சில சிறகு முளைத்த புழுவைப் போல நெளியும். இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினங்கள் அல்ல. ஆனால் எல்லாமே ஆழத்தில் நீந்தாமல், கடலின் மேற்பரப்பில் மிதந்தே வாழ்பவை. சொந்தமாக நீந்திப் போகும் வலு இவற்றுக்கு இல்லாததால், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையில் கூட்டமாக ஒதுங்குகின்றன. மும்பை, கோவா கடற்கரைகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இவை அதிகம் தென்படுகின்றன. தமிழகக் கரையிலும் காற்றின் போக்கைப் பொறுத்து வந்து சேர்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பின் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ‘நீல டிராகன்’ எனப்படும் ஓடில்லாக் கடல் நத்தைகள் ஒதுங்கியது செய்தியானது.

நீல நிறம் இந்தக் கூட்டத்துக்குப் பொதுவான அடையாளம். மேலிருந்து பார்க்கும் கடற்பறவையின் கண்ணுக்கு இவை நீரோடு கலந்து தெரிகின்றன. எனவே நிறத்தை மட்டும் கொண்டு எது கொட்டும், எது கொட்டாது என்று சொல்ல முடியாது. வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் முதலில் தேட வேண்டியது, காற்று நிரம்பிய பை இருக்கிறதா என்பது.

பை இருந்தால் அது பைசாலியா. பள்ளி விலங்கியல் பாடத்தில் ‘போர்த்துகீசியப் போர்வீரன்’ என்ற பெயரில் வருவதும் இதுவே. பார்வைக்கு ஜெல்லிமீன் போலத் தெரிந்தாலும் இது தனி உயிரி அல்ல. மிதக்கும் பை, இரையைப் பிடிக்கும் இழைகள், செரிக்கும் உறுப்புகள், இனப்பெருக்கம் செய்யும் பகுதிகள் என வேலை பிரித்துக்கொண்ட பல சிற்றுயிரிகள் ஒன்றாய் இணைந்து வளர்ந்த கூட்டம். பை நீலமும் ஊதாவும் கலந்து கண்ணாடி போல ஒளிரும். அதன் உச்சியில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மடிப்பு ஓடும். பெரிய பைகள் 30 சென்டிமீட்டர் வரை வளரும். இந்தியப் பெருங்கடல் கரைகளில் ஒதுங்குபவை பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. பையின் அடியில் நீலச் சுருள்கள் சிக்குண்டு கிடக்கும். நீரில் விரியும்போது அந்த இழைகள் பல மீட்டர் நீளும். கரைக்கு வரும்போது அவை அறுந்து மணலில் புதைந்தோ, கடற்பாசியில் சுற்றிக்கொண்டோ கிடக்கும். பை கிடக்கும் இடத்திலிருந்து பல அடி தள்ளிக்கூட இழையின் ஒரு துண்டு கிடக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பைசாலியாவின் மடிப்பு பாய்மரமாக வேலை செய்கிறது. சில பைகளில் அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். ஒரே காற்றில் இந்த இரு வகைகளும் வெவ்வேறு திசையில் விலகிச் செல்கின்றன. எனவே ஒரு காற்று ஒரு வகையைக் கரைக்குத் தள்ளினால், மற்ற வகை கடலிலேயே தப்பிவிடுகிறது. ஒரு கடற்கரையில் ஒதுங்கிய பைகளில் பெரும்பான்மை ஒரே பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட பைசாலியாவை, மரபணுவையும் படங்களையும் ஒப்பிட்டு நான்கு இனங்களாகப் பிரித்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. கடற்கரையில் நடப்பவருக்கு இந்தப் பிரிவு தேவையில்லை. பை உள்ள எதையும் கொட்டுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பை இல்லாமல் வட்டத் தகடு இருந்தால் அது போர்ப்பிட்டா, அதாவது நீலப் பொத்தான். நாணயம் அளவுள்ள வெளிறிய தகட்டில் மையத்திலிருந்து வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அந்த வளையங்கள் காற்று அடைபட்ட அறைகள். அவைதான் இதை மிதக்க வைக்கின்றன. தகட்டின் விளிம்பைச் சுற்றி, நுனியில் சிறு குமிழ்கள் கொண்ட நீல இழைகள் குஞ்சம் போல நிற்கும். ஓரிரு நாள் வெயிலில் கிடந்தால் குஞ்சம் உதிர்ந்து வெறும் தகடு மட்டும் மிஞ்சும். அதைக் கண்டவர் உயிரினம் என்றே நினைக்கமாட்டார். இதன் உறவான வெலெல்லாவில் தகடு நீள்வட்டமாக இருக்கும். அதன் குறுக்கே ஒளி ஊடுருவும் முக்கோணப் பாய் நிமிர்ந்து நிற்கும். இவ்விரண்டுக்கும் கொட்டும் செல்கள் உண்டு என்றாலும், மனிதத் தோலில் பெரும்பாலும் அவற்றின் வேலை எடுபடாது. மென்மையான தோலில் லேசான அரிப்பு வரலாம். தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும்.

நீல டிராகன் கொட்டும் விதம் வேறு. கிளாக்கஸ் என்னும் இந்த நத்தைக்கு ஓடு கிடையாது. நீளம் பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள். உடலின் இரு பக்கமும் விரல்கள் விரிந்தது போலக் கிளைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கும். ஆகவே மேலே தெரியும் நீலப் பக்கம் உண்மையில் அதன் அடிவயிறு, கீழே இருக்கும் வெள்ளி நிறப் பக்கம் அதன் முதுகு. இதற்குச் சொந்தமாக நஞ்சு இல்லை. பைசாலியாவையும் நீலப் பொத்தானையும் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் கிளைகளின் நுனியில் உள்ள பைகளில் சேர்த்துவைக்கிறது. சேர்ந்து செறிந்திருப்பதால், இந்தச் சிறு உயிரினத்தைக் கையில் ஏந்துபவருக்குப் பைசாலியா தந்திருக்கும் வலிக்கு நிகராகவோ கூடுதலாகவோ வலி வரலாம்.

மணலில் இதை அடையாளம் காண்பது எளிதல்ல. நீர் வடிந்ததும் கிளைகள் உடலோடு ஒட்டிச் சுருங்கி, வெறும் நீலக் கறை போலக் கிடக்கும். ஈர மணலில் விரல்நுனி அளவுள்ள இப்படி ஒரு கறையைக் கண்டால், விரலை நீட்டாமல் ஒரு தேக்கரண்டியாலோ இலையாலோ அடியில் உள்ள மணலோடு சேர்த்து எடுத்து, கடல்நீர் நிறைத்த தெளிவான பாத்திரத்தில் விட வேண்டும். சற்று நேரத்தில் உடல் விரியும். பக்கத்துக்கு மூன்று கொத்தாகக் கிளைகள் தெரிந்தால் அது கிளாக்கஸ். வட்டத் தகடு மிதந்து, அதன் விளிம்பில் இழைகள் விரிந்தால் நீலப் பொத்தான். எந்த உடலும் இல்லாமல் மணிகள் கோத்தாற்போல் முடிச்சுகள் கொண்ட நீல நூல் மட்டும் மிதந்தால், அது பைசாலியாவின் அறுந்த இழை. ஊதா நிறத்தில், மெல்லிய தாள் போன்ற ஓடுடைய நத்தை கிடைத்தால் அது ஜாந்தினா. குமிழிகளால் தெப்பம் கட்டி மிதக்கும் இது கொட்டாது. ஆனால் இதுவும் நீல மிதவைகளைத் தின்று வாழ்வதால், இது கிடக்கும் இடத்தில் பைசாலியாவின் துண்டுகளும் இருக்கக்கூடும்.

செத்த பிறகும் இவை ஏன் கொட்டுகின்றன என்பது பலருக்கும் புரிவதில்லை. கொட்டும் செல்லுக்குள் நுண்ணிய குழல் ஒன்று சுருண்டு, உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. வெளியிலிருந்து உரசலோ வேதிப்பொருளோ பட்டதும், விலங்கின் கட்டளை இல்லாமலே மூடி திறந்து குழல் பாய்கிறது. இவற்றின் உறவான ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சல் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடப்பதாக அளந்திருக்கிறார்கள். உயிர் போனாலும் செல்களின் பொறி கெட்டுவிடுவதில்லை. காய்ந்து கிடக்கும் இழைகூட ஈரமான தோலில் பட்டால் மீண்டும் வேலை செய்யலாம். ஆகவே கருகிச் சுருங்கிய பையைக் காலால் மிதித்து ‘டப்’ என்று உடைத்து விளையாடும் குழந்தைகளைத் தடுக்க வேண்டும்.

நீலம் அல்லாத, நிறமற்ற கூழ் உருண்டைகளும் ஒதுங்கும். மீனவர்கள் பொதுவாகச் ‘சொறி’ என்று சொல்லும் ஜெல்லிமீன்கள் இவற்றில் அடங்கும். குடையின் நடுவில் குதிரைலாட வடிவில் நான்கு வளையங்கள் தெரிந்தால் அது நிலா ஜெல்லி. தோலில் அதன் கொட்டு மிகவும் லேசானது. குடை விளிம்பிலிருந்து நீண்ட மெல்லிய இழைகள் தொங்கினால் அதைத் தொடக்கூடாது. குடை கனசதுரம் போல நான்கு மூலையுடன் இருந்து, மூலைகளிலிருந்து மட்டும் இழைகள் கிளம்பினால் அது பெட்டி ஜெல்லி. அந்த வகையில்தான் உயிருக்கு ஆபத்தான இனங்கள் இருக்கின்றன. மணலில் கிடக்கும் பெட்டி ஜெல்லி தட்டையாகிவிடும், மூலைகள் மங்கிவிடும். எனவே கரையில் வட்டமாகத் தெரிகிறது என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவுகட்ட இடமில்லை. இழையே இல்லாத பீப்பாய் வடிவக் கூழ்க் குழல்கள் சால்ப்புகள், அவை கொட்டுவதில்லை. உடல் நெடுக வரிவரியாய்ச் சீப்புப் பல் போன்ற அமைப்பு மின்னும் சீப்பு ஜெல்லிகளும் கொட்டுவதில்லை.

கொட்டுப்பட்ட தடத்தைப் பார்த்தும் ஓரளவு அடையாளம் காணலாம். பைசாலியா பட்ட இடத்தில் சாட்டை அடிபட்டது போல ஒரு சிவந்த கோடு, அதில் மணிமணியாகத் தடிப்புகள் வரும். வலி உடனே தொடங்கி, பலருக்கு ஓரிரு மணி நேரத்தில் தணியும். ஒட்டியிருக்கும் இழையைத் தேய்க்காமல் சாமணத்தாலோ கையுறையிட்ட கையாலோ எடுத்து, கடல்நீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றுவதும், மணலால் தேய்ப்பதும், சிறுநீர் ஊற்றுவதும் வெடிக்காத செல்களை வெடிக்க வைக்கும். அதன் பிறகு வெந்நீர்தான் பயன் தருகிறது. ஆஸ்திரேலியாவில் பைசாலியா கொட்டிய 96 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்தவர்களில் 87 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே குறைந்தது. வெந்நீர் தோலைச் சுடாத சூட்டில் இருக்கிறதா என்பதைக் கொட்டுப்படாத கையால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். வினிகர் பெட்டி ஜெல்லிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. பைசாலியாவுக்கு அது நன்மையா தீமையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மூச்சுத் திணறல், மார்பு வலி, வாந்தி, மயக்கம் இவற்றில் ஏதேனும் வந்தாலோ, கொட்டு கண்ணில் பட்டிருந்தாலோ, குழந்தையின் உடலில் பரவலாகத் தடம் தெரிந்தாலோ, வெந்நீருக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.